எந்தத் தோணி?

தோணி கேட்டவரிடம் எந்தத் தோணி என்று இவர் கேட்கிறார். அப்படியானால் தோணி என்று ஒன்று இனி இல்லை.

திரைக்குப் பின்னால் நின்ற ஸாலிஹா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முன்கடையில் அவள் கணவன் அப்துல் கபூர், தன்னாமுனை வயல்காரர் வேலப்போடிக்கு, இடுப்பில் கட்டும் மூன்று சாறன்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மூன்றின் மூலையிலும் தோணி முத்திரை.

"இது நம்மட தறித் தோணி. இது மெட்ராஸ் தோணி, மலிவு. இத எடுத்தா ஒரு கட்டி சவுக்காரம் சும்மா."

"சாயம் போகாததுதானே தோணி?"

"மலிவானதுல கொஞ்சம் போகும் போடியார்."

"அப்ப அது ஓட்டைத் தோணி" என்று சிரித்துவிட்டு வேலப்போடி வெறுங்கையோடு போனார்.

காத்தான்குடியில் வீடு பெண்ணுக்கு. அந்த வீட்டோடு தறிகளும் முத்திரைக் கட்டையும் ஸாலிஹாவுக்குச் சீதனமாக வந்தன. அவளுடைய உம்மா, சாயமிட்ட நூலை வெள்ளைத் துணியோடு வாவித் தண்ணீரில் ஊறவைப்பாள். துணியில் கறை பட்டால் அந்த நூலில் நெய்ததற்கு முத்திரை கிடையாது. கபூரோ முதலில் மெட்ராஸ் சாறனுக்கு முத்திரை கேட்டான், பிறகு அத்தர்ப் போத்தலுக்கு. ஒரு நோட்டீசில் 'உயர்ந்தது' என்று போட்டான், அடுத்ததில் 'மலிவிலும் மலிவு'. ஒவ்வொரு தடவையும் கட்டையை எடுத்துக் கொடுத்தது என் கைதானே என்று அவள் நினைத்தாள். அவனைக் கோபிக்க முடியவில்லை.

அன்றே கட்டையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். மெட்ராஸ் சாறன்களின் முத்திரை மூலைகளை வெட்டி, மடித்துத் தைத்தாள்.

"இத பேரில்லாம வில்லுங்க. தோணிக்கு இனி விலைக் கழிவும் இல்ல" என்றாள்.

"நோன்புக்கும் கழிவு இல்லையா புள்ள? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

சிரித்தார்கள். நோன்பு மாதம் கடையில் ஈ ஆடியது. கபூர் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். தறிச் சத்தத்தின் நடுவே, உம்மா செய்ததுதான் தவறோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வெள்ளைத் துணியை ஊறவைப்பதை நிறுத்தவில்லை.

அறுவடை முடிந்து வேலப்போடி மறுபடி வந்தார். அவர் மருமகன் வாங்கிய தோணிச் சாறன் ஆறு மாதம் வாவியில் தோய்ந்தும் நிறம் மாறவில்லையாம்.

"காக்கா, ஒரு தோணி தாங்க."

கபூர் எந்தத் தோணி என்று கேட்கவில்லை. "விரிச்சுக் காட்டவா போடியார்?"

"தோணியில என்னத்தப் பாக்குற? கட்டுங்க."

திரைக்குப் பின்னால் ஸாலிஹா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரல்களுக்கிடையே வழிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே ஏறாவூரிலிருந்தும் உன்னிச்சையிலிருந்தும் ஆட்கள் வந்து சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள். தறிகளுக்கு ஓய்வில்லை.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கொழும்புக் குடை வியாபாரி ஒருவரும் வந்தார்.

"குடைக்குத் தோணி முத்திரை போடுவம். ரங்கூன் வரைக்கும் ஓடும். கட்டைய மட்டும் தந்தாக் காணும் தங்கச்சி."

கபூர் திரையைப் பார்த்தான். இம்முறை அவன் ஒன்றும் கேட்கவில்லை.

இடுப்பிலிருந்த பெட்டகச் சாவியை அவள் விரல் ஒருமுறை தொட்டது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க நானா" என்றாள் உள்ளிருந்தபடியே. "கட்டை வராது."