பதினெட்டு மீட்டர் மேடு

மலேசியாவில், பகாவ் நகரத்துக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்துப் பொது மண்டபத்தில், சனிக்கிழமைதோறும் ரோகினி டீச்சர் இயற்பியல் டியூசன் எடுப்பாள். கேள்வித்தாளை அவளேதான் தட்டெழுதுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வாரக் கேள்வி ரோலர் கோஸ்டர். நானூறு கிலோ வண்டி, இருபது மீட்டர் மேட்டிலிருந்து அசையா நிலையில் புறப்படுகிறது. கீழே பத்து மீட்டர் சமதளத்தில் மட்டும் ஆயிரத்து இருநூறு நியூட்டன் உராய்வு. அப்புறம் பதினெட்டு மீட்டர் மேடு. அதன் உச்சியில் வேகம் என்ன? புவியீர்ப்பு முடுக்கம் பத்து.

திருத்த உட்கார்ந்தவள் விடையை மட்டும் பார்த்து மளமளவென்று சரி போட்டாள். பதினோரு தாளிலும் 4.47. அவள் எழுதி வைத்திருந்த விடைக்குறிப்பிலும் அதேதான்.

பன்னிரண்டாவது ஃபஸீஹாவின் தாள். "வண்டி அங்கே போய்ச் சேராது" என்று ஒரு வரி. கீழே இரண்டு பக்கக் கணக்கு. ரோகினி சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, எதற்கும் பார்ப்போமே என்று வாசித்தாள்.

புறப்படும்போது எண்பதாயிரம் ஜூல். உராய்வு தின்றது பன்னிரண்டாயிரம். மிச்சம் அறுபத்தெட்டாயிரம். பதினெட்டு மீட்டர் ஏற எழுபத்திரண்டாயிரம் வேண்டும்!

ரோகினிக்கு முகம் சுட்டது. மனதில் நினைத்தது பதினாறு மீட்டர். விரல் தட்டியது பதினெட்டு. பதினாறுக்கு மிச்சம் நாலாயிரம் ஜூல். பதினெட்டுக்கும் அதே நாலாயிரம், ஆனால் பற்றாக்குறை. வேகத்தின் வர்க்கம் மைனஸ் இருபது. அப்படியானால் இந்தப் பதினோரு பேரும்?

அடுத்த சனிக்கிழமை முன்வரிசை மகேந்திரனைக் கேட்டாள். "வர்க்கமூலத்துக்குள்ள மைனஸ் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு டீச்சர். கால்குலேட்டர் எரர்னு காட்டுச்சு. மைனஸ எடுத்துட்டேன், ஓகே ஆயிருச்சு லா."

மண்டபமே சிரித்தது. சிரித்தவர்களில் பத்துப் பேர் அதையே செய்தவர்கள்.

"நீங்க மைனஸ முழுங்கினீங்க, நான் பார்க்காம சரி போட்டேன். தப்பு என் மேலயும்தான்" என்றாள் ரோகினி. "ஃபஸீஹா, வாம்மா. வண்டி எங்க போச்சுன்னு சொல்லு."

ஃபஸீஹா கரும்பலகையில் வரைந்தாள். "பதினேழு மீட்டர் ஏறி நிக்கும். அப்புறம் பின்னால உருளும். சமதளத்தைத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டாயிரம் ஜூல் போகுது, அதனால மூணு மீட்டர் குறையும். இந்தப் பக்கம் பதினாலு, அந்தப் பக்கம் பதினொண்ணு, எட்டு, அஞ்சு, ரெண்டு."

"ரெண்டு மீட்டர்லயே நின்னுடக் கூடாதா?" என்றான் மகேந்திரன்.

"சரிவுல உராய்வே இல்லையே, எப்படி நிக்கும்? மறுபடியும் இறங்கும். ஆனா மிச்சம் எட்டாயிரம் ஜூல்தான். சமதளத்துல ஆறே முக்கால் மீட்டர்கூடப் போகாது, நின்னுடும்."

"வண்டில ஏறுனவங்க கதி?"

"தலை சுத்தி உக்காந்திருப்பாங்க" என்றாள் ஃபஸீஹா. "இறங்கி நடக்கச் சொல்லணும்."

அன்று கொடுத்திருந்த பதினோரு தாள்களையும் ரோகினி திருப்பிக் கேட்டாள். சரிக் குறிகளை ஒவ்வொன்றாக அடிக்க, மகேந்திரன் மட்டும் தன் தாளைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.