தாளில் இருந்த வடக்கு

மேற்குச் சுவர் என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். தெற்குச் சுவருக்கு யார் வேண்டுமானாலும் ஒரு சன்ஷேட் நீட்டிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்காரலாம். மேற்கில் அந்தப் பருப்பு வேகாது. வெயில் தாழ்ந்து, ஜன்னலின் முகத்துக்கு நேராக வரும். தொண்ணூறு சென்டிமீட்டர் சன்ஷேட் ஏப்ரல் மாதம் மூன்றரை மணிக்கு எண்பது சென்டிமீட்டர் நிழல் தரும், நாலரைக்கு அதில் பாதிதான். ஜன்னலோ ஒன்றரை மீட்டர் உயரம். மிச்சத்தைச் செங்குத்துத் தகடுகள்தான் மறைக்க வேண்டும். அவற்றை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதைச் சூரியனின் கோணம் சொல்லும். அதைக் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு.

இந்தக் கட்டடம் என் அக்கா வேலை செய்யும் தையல் தொழிற்சாலை. இரண்டாம் மாடியில் நீளமான கூடம், சுவர் முழுக்கப் பன்னிரண்டு ஜன்னல்கள். தைத்து முடித்த சட்டையைச் சரிபார்த்துக் குறைதீர்க்கும் மிஷின் கடைசி ஜன்னலோரம் இருந்தது, அதில் அக்கா. போன கோடையில் அங்கேயே மயங்கி விழுந்தாள். இன்னொரு முறை இப்படி ஆனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்தார். அவள் கேட்கிற ஆளா? முதலாளியைப் பிடித்து, "என் தங்கச்சி இதுக்குன்னே படிச்சவ சார்" என்று எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தாள்.

நானும் கணக்குப் போட்டேன். அறுபது அலுமினியத் தகடுகள், ஜன்னலுக்கு ஐந்து. மேற்கு பார்த்த சுவர், கோடை மாலையில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கும். அதனால் வெளி விளிம்பைத் தெற்கே முப்பது டிகிரி சாய்த்தேன். அப்போதுதான் வருகிற வெயில் தகட்டின் முகத்தில் குறுக்காக மோதும். கண்ணாடி வழியாக வரும் வெப்பம் பாதிக்கும் கீழே போகும், மூன்று ஏ.சி. மிஷின் தேவையில்லை, இரண்டு போதும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். முதலாளி மூன்றாவதை ரத்து செய்துவிட்டார்.

தகடுகள் ஏறி முடிந்த அன்று மத்தியானம் அக்கா போன் செய்து, வந்து பார்த்துவிட்டுப் போ என்றாள். குரலில் பெருமை இல்லை. போனேன். மூன்றரைக்கு வெயில் ஜன்னலுக்குள் வந்தது, யாரும் தடுக்காத விருந்தாளி மாதிரி. அக்காவின் முக்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்தேன். தகடுகளின் விளிம்பு மட்டும்தான் கோடு கோடாகத் தெரிந்தது. வெயிலும் தகடுகளும் ஒரே வாக்கில் இருந்தன.

இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டி பொய் சொல்லும் என்று போனை எடுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினேன். சுவர் நேர்மேற்கைப் பார்க்கவில்லை. அதிலிருந்து முப்பது டிகிரி வடக்கே திரும்பி நின்றது. கட்டடம் தாளில் நேராக உட்கார வேண்டும் என்பதற்காக வரைபவர்கள் அதைத் திருப்பி, மேலே வசதிக்கு ஒரு வடக்கு அம்பு போடுவார்கள். உண்மையான வடக்கு வரைபடக் கட்டின் முதல் தாள் மூலையில், குட்டியாக, சாய்வாக இருக்கும். இது முதல் வருடப் பிள்ளைக்கும் தெரியும். நான் அந்தத் தாளைப் புரட்டவே இல்லை. ஊரே 'மேற்குச் சுவர்' என்று சொன்னது, நானும் நம்பினேன். உள்ளிருந்து பார்த்தால் அந்தச் சுவருக்குக் கோடை வெயில் இடப்பக்கமிருந்துதான் வரும். நான் சாய்த்ததும் அதே இடப்பக்கம். காசு கொடுத்து வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

தகடுகளை ஏற்றிய மேஸ்திரியிடம்தான் முதலில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த நோட்டைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தார், பிறகு தலைகீழாகத் திருப்பினார். இடப்பக்கம் சாய்ந்திருந்தது வலப்பக்கம் சாய்ந்தது. மேல் கிளாம்பும் கீழ் கிளாம்பும் ஒரே அச்சு, கழற்றித் தலைகீழாக மாட்டினால் போதும், ஒரு நாளைக்கு இரண்டு ஜன்னல் முடியும் என்றார். அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் பன்னிரண்டு ஜன்னலுக்கு ஆறு நாள். ஏற்றுமதிக்கு நாள் குறித்தாகிவிட்டது, கூடத்தை ஒரு மணி நேரம்கூட நிறுத்த முடியாது என்று முதலாளி கையை விரித்துவிட்டார். வாடகைக்கு ஏ.சி. கேட்டேன். "நீங்கதானே ரெண்டு போதும்னு எழுதினீங்க?" என்றார்.

அக்காவின் ஜன்னலில் ஆரம்பிக்கலாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டுவிட்டாள்.

"என் ஜன்னலக் கடைசியாத் திருப்பு."

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாருன்னு..."

"உன்னக் கூட்டிட்டு வந்ததே நான்தான். மொதல்ல எனக்கு நிழல் போட்டுக்கிட்டா இவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? அந்த ஓரத்துலேந்து வரிசையா வா."

லீவு போடு என்றேன், இடம் மாற்றிக்கொள் என்றேன். தன் இடத்தில் உட்காருகிறவள் மட்டும் வேகமாட்டாளா என்று கேட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் அதற்கு மருந்து கிடையாது. உள்ளே திரைச்சீலை கட்டினோம். கண் கூசவில்லை, அவ்வளவுதான். கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் திரையைச் சூடாக்கிக் கூடத்துக்குள்ளேயே நின்றுகொண்டது, அதனால்தான் நிழல் வெளியே இருக்க வேண்டும் என்று நான் எல்லோருக்கும் பாடம் எடுப்பேன். வெளியே தார்ப்பாய் கட்டினோம். முதல் மாலையே காற்று கிழித்தெறிந்தது.

சாரத்தில் நானும் ஏறினேன். ஆட்கள் தகட்டைத் தாங்க, நான் போல்ட்டைக் கழற்றினேன். கை கொப்பளித்தது. கொப்பளிக்கட்டும் என்று இருந்தது. ஒவ்வொரு ஜன்னலாக உள்ளே நிழல் விழுந்தது, பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு எரிந்தது. மூன்றரை ஆனால் கண் கடைசி ஜன்னலுக்குப் போய்விடும். அக்கா கழுத்தில் ஈரத்துண்டுடன் சட்டையைப் புரட்டிக்கொண்டிருப்பாள். நான் பார்ப்பது தெரிந்தால், வேலையைப் பார் என்று கையசைப்பாள்.

ஐந்தாம் நாள் நாலு மணிக்குப் பத்தாவது ஜன்னலில் கடைசித் தகட்டை மாட்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா எழுந்தாள். எதையோ எடுக்கப்போவதுபோல் மேசையைப் பிடித்தாள். பிடி நழுவியது. மிஷினின் இரும்புக் காலில் தலை மோதிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை, இடையில் கண்ணாடி இருந்தது. திறக்காத கண்ணாடி. நான் அதைக் கையால் அடித்தேன். இறங்கி, படியேறி, உள்ளே போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் அவளைத் தூக்கியிருந்தார்கள்.

மூளையில் ரத்தக்கசிவு. இரவே ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் காலை மேஸ்திரி போன் செய்து, மிச்சம் இரண்டு ஜன்னலை என்ன செய்வது என்று தயங்கிக் கேட்டார். திருப்புங்கள் என்றேன். சாயங்காலம் முதலாளியும் பேசினார். கூடம் முழுக்க நிழல், இருபத்தேழு டிகிரிதான் இருக்கிறது, இரண்டு ஏ.சி.யே போதுமானதாக இருக்கிறது, உங்கள் கணக்கு சரிதான் என்றார். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் அக்கா கண் விழித்தாள். பேச்சு கொஞ்சம் குழறியது.

"என் ஜன்னல்?"

"திருப்பியாச்சுக்கா."

"யாரு உக்காந்திருக்கா?"

பக்கத்து மிஷின் பெண் என்றேன்.

"வெயில் படுதா அவ மேல?"

"படலக்கா. துளிகூடப் படல."

"அப்ப சரி" என்றாள். சரியில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உன்னை விழவைத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகத்தைச் சுளித்தாள்.

"தள்ளியே உக்காந்திருக்கியே, கொஞ்சம் என் கையப் பிடிச்சுக்கோயேன்."

அவள் இடது கையை நான் அரைமணி நேரமாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.