மாமா அடைத்த குழாய்

கருங்கல் சந்தையை ஒட்டி எங்கள் கடை. பைப், குழாய், பெயின்ட், ஆணி எல்லாம் உண்டு. என் கணவர் பெனிஷ் மஸ்கட்டில் இருப்பதால் காலையில் ஷட்டரைத் தூக்குவதும் இருட்டும்போது இறக்குவதும் நான்தான். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே பேச்சோடு வருவார்கள்: "டேப்பு சொட்டுது, ஒரு வாஷர் தாங்க."

எந்த டேப்பு என்று கேட்டால், அடுக்களை டேப்பு என்பார்கள். அது எனக்கு எதற்கு? திருகுகிற குழாயா, லீவர் தூக்குகிற குழாயா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். திருகுகிறது என்றால் உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். நாம் திருகத் திருக அது இறங்கி, தண்ணீர் வரும் துவாரத்தின் பித்தளை விளிம்பில் உட்கார்ந்து அடைக்கும். நாள்பட்டால் ரப்பர் கட்டியாகிவிடும், விளிம்பு அதில் பள்ளம் போட்டுவிடும், அந்தப் பள்ளம் வழியே சொட்டும். லீவர் என்றால் உள்ளே காட்ரிட்ஜ். இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி நகரும். இடையில் மணல் புகுந்து கீறினாலோ, அடியிலிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தாலோ ஒழுகும். காட்ரிட்ஜில் பல அளவு, பழசைக் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றால், "கடை வச்சிருக்க உங்களுக்கு அளவு தெரியாதா?" என்று என்மேல் பாய்வார்கள். ஒரு நாளைக்கு இதையே எத்தனை முறை சொல்வது! சாயங்காலம் ஆனால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும்.

இவ்வளவு பேசுகிற என் வீட்டு அடுக்களைக் குழாய் கோடை தொடங்கியதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்கு ஏற்கெனவே ஒரு காரணம் வீட்டில் முடிவாகியிருந்தது. என் மாமனார் ஆபேல்தான் காரணம். அப்படிச் சொன்னது என் மாமியார் லீலாபாய். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

மாமா ஜங்ஷனில் சாயாக்கடை வைத்திருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேச்சும் குழறும். சட்டைப் பொத்தானை நான் போட வேண்டும், மீனில் முள்ளை மாமி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் தானாகச் செய்யும் காரியம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. மத்தியானத் தூக்கம் கழிந்து சுவரைப் பிடித்து அடுக்களைக்குப் போவார். இடது கையால் குழாயைத் திறந்து, பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, பால் சேர்க்காத ஒரு கட்டஞ்சாயா போடுவார். யாரும் உதவக்கூடாது. உதவப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாமா சாயா போட்டு நகர்ந்ததும் மாமி தோர்த்துத் துண்டை எடுத்துக்கொண்டு போவார். குழாயின் கைப்பிடியில் அதைச் சுற்றி, பல்லைக் கடித்து, ஒரு முறுக்கு முறுக்குவார். அப்போது சொட்டு குறையும். மாமா அடைத்தால் நூலாக ஒழுகும், மாமி அடைத்தால் துளித்துளியாக விழும். இதைவிடச் சாட்சி எதற்கு?

"அவருக்க கைல பெலன் இல்ல. அடைக்காம போட்டுட்டு வாராரு" என்பார் மாமி.

நானும் நம்பினேன். "மாமா, கொஞ்சம் முறுக்கி அடைங்க" என்று சொல்லவும் செய்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் டேங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முந்தைய நாள் மோட்டார் போடும் நேரத்தில் கரன்ட் இல்லாமல் போயிற்று. மீதி இருந்ததும் ராத்திரி முழுக்கச் சொட்டிச் சொட்டிப் போய்விட்டிருந்தது. மாமி கிணற்றில் வாளி போட்டு இறைத்துச் சுமந்தார். அவருக்கு முட்டுவலி வேறு. கடைசி வாளியைக் கீழே வைத்துவிட்டு, தேயிலை டப்பாவையும் சாயாப் பாத்திரத்தையும் எடுத்துப் பரணில் வைத்தார்.

"இனி அடுக்களைல கால் வைக்கப்பிடாது. சாயா வேணுமெங்கி நான் போட்டுத் தாறேன்."

மாமா பரணை ஒருமுறை பார்த்துவிட்டு முன்னறைக்குப் போனார். எதிர்த்துச் சொன்னாலும் குழறும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பெனிஷ் போனில் வந்தார். மாமி எல்லாவற்றையும் ஒப்பித்தார். "அப்பாவுக்கு ஒரு ஆள் வைப்போம் ஜினிஷா. பகல் முச்சூடும் கூட இருக்கட்டும். அடுக்களைப் பக்கமே விடாண்டாம். நாளைக்கு கேஸையும் அடைக்காம வந்தா என்ன செய்வ?" என்றார் பெனிஷ் என்னிடம். மாமா முன்னறை நாற்காலியில் இருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. எல்லாம் அவர் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் மாமி போட்டுக் கொண்டுவைத்த சாயாவை அவர் தொடவில்லை. ஆடை படிந்து ஆறிக்கிடக்கும், நான் எடுத்து ஊற்றுவேன். குளிக்க வேண்டாம் என்றார். சனிக்கிழமை, சட்டையை மாற்றவும் கை நீட்டவில்லை. மனிதர் கண்ணெதிரே கெட்டுப்போகிறார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. மாமிக்கும் பயம்தான். ஆனால் அவருக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். குழாயைத் திருகினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். தகரம், இரும்பு தூக்கிப் பழகிய கை என்னுடையது. அப்படியும் அசையவில்லை. கடைசியில் நானும் அந்தத் தோர்த்தைத்தான் சுற்ற வேண்டியிருந்தது.

அவ்வளவு இறுக்கி அடைத்திருந்த குழாயின் வாயிலிருந்து, நான் தொடுவதற்கு முன்பே, துளி விழுந்துகொண்டிருந்தது.

அப்படியே நின்றேன். மாமா அடுக்களைக்கு வந்து நாளாகிறது. கடைசியாக அடைத்தது மாமி. அதுவும் டேங்க் காலியான பிறகு, முன்னெப்போதும் இல்லாத இந்த இறுக்கத்தில். பிறகும் சொட்டுகிறது. கடையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் பாதியிலேயே நிறுத்தி வாஷரை எடுத்து மேஜையில் போட்டிருப்பேன். சொந்த வீட்டில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை.

கடைக்குப் போய் வாஷரும் ஸ்பேனரும் எடுத்து வந்தேன்.

"ஞாயித்துக்கிழமை கடை தொறந்தியா?" என்றார் மாமி.

"பாதி ஷட்டர்தான் தூக்கினேன் மாமி."

டேங்கிலிருந்து வரும் பைப்பில் இருக்கும் கேட் வால்வை அடைத்தேன். குழாயைத் திறந்துவிட்டு, பைப்பில் நின்ற தண்ணீர் வடியும்வரை காத்திருந்தேன். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனர் போட்டுத் தலைப்பாகத்தைத் திருகி எடுத்தேன். அதன் அடியில் வாஷர் இருந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கல் மாதிரி இறுகியிருந்தது. நடுவில் வட்டமாக ஒரு வெட்டு, கத்தியால் கீறியது போல ஆழமாக. ஒரு இடத்தில் விளிம்பே பிய்ந்துபோயிருந்தது.

குழாய்க்குள் விரலை விட்டு பித்தளை விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அதில் பள்ளமோ பிசிறோ இருந்தால் புது வாஷரையும் அறுத்துவிடும். நல்ல காலம், வழவழப்பாக இருந்தது. பிடித்திருந்த சுண்ணாம்பை மட்டும் துணியால் துடைத்து எடுத்தேன்.

மாமி பின்னால் வந்து நின்றார். பழைய வாஷரை அவர் கையில் வைத்தேன்.

"இதுதான் மாமி சொட்டினது. மாமா இல்ல."

"அவரு ஒழுங்கா அடைச்சா..."

"யார் அடைச்சாலும் ஒழுகும். இந்த வெட்டு வழியா வெள்ளம் போவுது. நாம போட்டு இறுக்குனா ரப்பர் நசுங்கி அந்நேரத்துக்குக் கொஞ்சம் அடையும். ஆனா வெட்டு இன்னும் ஆழமாவும். பெறகு அதைவிட இறுக்கணும்."

மாமி வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைப்பிடியில் தொங்கிய தோர்த்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"அப்பம் நான்தான் கெடுத்தேன்."

"ரப்பர் எப்படியும் தேயத்தான் செய்யும் மாமி. கொஞ்சம் சீக்கிரமா தேஞ்சிட்டு, அவ்வளவுதான்."

"எனக்கு வய்ய மக்களே, இனி முடியாது" என்றார். குரல் உடைந்தது. "அவருக்கப் பெறகால கேஸை அடைக்கணும், கதவ அடைக்கணும், டேப்ப அடைக்கணும். ராத்திரி கண்ண மூடினா இந்தச் சொட்டுச் சத்தம். என்ன விட்டுட்டு அவரு கொஞ்சங்கொஞ்சமா போறது மாதிரி கேக்கும். அதுதான் போட்டு இறுக்கினேன்."

ஒரு வருஷமாக இந்த மனுஷி சண்டைபோடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் களைத்துப்போயிருக்கிறார் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

புது வாஷரைப் போட்டேன். வாஷரைத் தாங்கும் தண்டை மேலே ஏற்றி வைத்துத் தலைப்பாகத்தை முறுக்கினேன், இல்லையென்றால் புது ரப்பரும் முதல் முறுக்கிலேயே நசுங்கும். கைப்பிடியை மாட்டி கேட் வால்வைத் திறந்தேன். பிறகு முன்னறைக்குப் போய் மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, ஒண்ணு வந்து டேப்ப அடைச்சுத் தாங்க."

அவர் நகரவில்லை. மாமியின் முகத்தைத் தேடினார். மாமி பரணிலிருந்து தேயிலை டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் சுவரைப் பிடித்து எழுந்தார்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையின் இரண்டு விரலும் பெருவிரலும் வைத்து மெல்லத் திருகினார். தண்ணீர் மெலிந்தது, நூலானது, நின்றது. குழாய் வாயில் ஒரு துளி தொங்கியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது விழுந்தது. அடுத்த துளி வரவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி திறந்தார், மறுபடி அடைத்தார். சொட்டவில்லை. அப்புறம்தான் வாயின் ஒரு பக்கம் கோணி ஒரு சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி பெனிஷிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆள் வேண்டாம். ஒரு வாஷர் போதும்.

மாமா சாயாப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கினார். எனக்கும் மாமிக்கும் சேர்த்து மூன்று தம்ளர் வைத்தார். கொதிக்கும்போது கொஞ்சம் சிந்தியது. யாரும் துடைக்கப் போகவில்லை. பாத்திரத்தைக் கழுவிவிட்டுக் குழாயை அடைத்தார்.

மாமி எழுந்தார். கை தன்னால் தோர்த்தை எடுத்துவிட்டது. குழாயை நோக்கி ஓரடி வைத்தவரை மாமா இடது கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். குழறாமல் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்தார்.

"நான், அடச்சாச்சு. நீ, இரி லீலா."

மாமி தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். சீனி கூடிப்போச்சு என்றார். சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.