ஒன்பதாம் மாத ஊசி

அச்சுவேலிப் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர் உதயகலா, சிவகௌரியின் படலைக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மத்தியானம் இரண்டு மணி. அந்த மாதத்தில் மூன்றாவது வருகை. குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் போடவேண்டிய சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி ஐந்து கிழமை பிந்தியிருந்தது. முதல் இரண்டு தடவையும் "அவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன் மிஸ்" என்று சிவகௌரி அனுப்பிவிட்டாள். இன்று அவள் கணவர் கோபிசங்கர் வீட்டில் இருந்தார்.

அவர் கைத்தொலைபேசியை நீட்டினார். கனடாவிலிருந்து அண்ணை அனுப்பிய காணொளி; அங்குள்ள ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி அழுதழுது சொல்கிறாள். உதயகலா அதை இந்த வருடம் ஆறாவது தடவையாகப் பார்த்தாள். பாதியில் நிறுத்தினால் அதுவே ஒரு குறையாகிவிடும் என்று முழுவதையும் பார்த்தாள்.

"ஊசி போட்டாப் பிறகுதான் அந்தப் பிள்ளை கதைக்கிறதை விட்டிட்டுது. ஓட்டிசமாம்," என்றார் கோபிசங்கர்.

"அந்தத் தாய் பொய் சொல்லேல்லை. ஒண்டு, ஒண்டரை வயதிலைதான் ஓட்டிசத்தின்ரை அடையாளங்கள் தெரியத் துவங்கும். அங்கை இந்த ஊசி போடுறதும் அந்தக் காலத்திலைதான். அதாலை ஊசிதான் காரணம்போலை தெரியுது. ஊசி போட்ட பிள்ளையளையும் போடாத பிள்ளையளையும் லட்சக்கணக்கிலை பல நாடுகளிலை பார்த்திட்டினம். வித்தியாசமில்லை."

அவர் நிலத்தைப் பார்த்தார். "பின்னடிக்குப் பிள்ளைப்பாக்கியம் இல்லாமல் போகுமெண்டும் கதைக்கினம். உங்களுக்கும் பள்ளிக்கூடத்திலை ருபெல்லா ஊசி போட்டதாலைதான்…"

"சும்மா இருங்கோ," என்றாள் சிவகௌரி.

உதயகலாவுக்குக் கலியாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை இல்லை. கோபம் வரும் என்று பார்த்தாள், அலுப்புத்தான் வந்தது. காரணத்தை வைத்தியர் எப்போதோ சொல்லியிருந்தார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொன்னால் பேச்சு இங்கேயே முடியும். ஆனால் அது தன் கணவனுடைய மானமும்கூட. சொல்லவில்லை.

"அண்டைக்கு எங்கடை வகுப்பிலை எல்லாருக்கும் போட்டவை. என்னோடை படிச்சவையின்ரை பிள்ளையளுக்கும் நான்தான் நிறை பாக்கிறன். என்ரை வகுப்பை வைச்சு நீங்கள் நம்பவேண்டாம், அதையும் ஆராய்ஞ்சிருக்கினம். ஊசியாலை பிள்ளைப்பாக்கியம் குறையிறேல்லை. கர்ப்பத்திலை ருபெல்லா வந்தால்தான் வயித்துப் பிள்ளைக்குக் கண், காது, இருதயம் பழுதாகும். உங்கடை மகளுக்கு நாளைக்கு அப்பிடி ஒண்டு வராமல் இருக்கத்தான் இது."

அவள் கிளினிக் திகதியை எழுதிக் கொடுத்துவிட்டு எழும்பினாள். இன்னும் இரண்டு வீடு இருந்தது.

புதன்கிழமை இருவரும் குழந்தையோடு வந்தார்கள்.

"இன்னும் பயம்தான் மிஸ்," என்றார் கோபிசங்கர்.

"தெரியும். கையை ஆடாமல் பிடியுங்கோ."

குழந்தை வீரிட்டு அழுதது. இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். ஒரு கிழமைக்குப் பிறகு இலேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம், கடுமையானால் உடனே கொண்டுவரவேண்டும் என்றாள்.

வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு தாய் கோபிசங்கரிடம் மெதுவாகக் கேட்டாள்: "இயற்கையா இருக்கிற எதிர்ப்புச் சக்தி ஊசியாலை குறையுமாமே அண்ணை?"

"மிஸ்ஸிட்டைக் கேளுங்கோ. சொல்லுவா."

உதயகலா போத்தலில் இருந்த தண்ணீரைக் குடித்தாள்.

"குறையாது அம்மா. நோய் வரமுதலே அதை அடையாளம் பிடிக்க ஊசி உடம்பைப் பழக்குது. சின்னமுத்து வந்தால்தான் மற்ற நோயளுக்கு முன்னம் இருந்த சக்தியும் குறைஞ்சு போகும். வாங்கோ, இருந்து கதைப்பம்," என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.