வெள்ளிக்கிழமை நாலு மணிக் கடிதம்

ஞானசௌந்தரி எழுதும் கடிதத்தில் நாலே நாலு வரி இருக்கும். இந்த வாரம் நடந்தது என்ன, இப்போது விஷயம் யார் கையில் இருக்கிறது, நீங்கள் செய்ய வேண்டியது என்ன, அடுத்த தேதி எது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அது வாடிக்கையாளர் மீரா சாகிப்பின் மின்னஞ்சலுக்குப் போய்விடும். நாலு பத்து ஆகிவிட்டால் அவளுக்குக் கைகால் ஓடாது.

காரைக்கால் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில், இரண்டு மேஜையும் ஒரு கம்ப்யூட்டருமாக இருந்தது அந்த இன்ஷூரன்ஸ் புரோக்கர் அலுவலகம். தலைமை அலுவலகம் சென்னையில். இங்கே கிளை மேலாளர் மணிவேல், அவருக்கு உதவியாக வரிச்சிக்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் ஞானசௌந்தரி. பெரிய பேர், சின்ன சம்பளம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மணிவேலுக்கு அந்த நாலு வரியைக் கண்டாலே ஆகாது. கடிதம் என்றால் மூன்று பக்கமாவது இருக்க வேண்டும், அதுவும் இங்கிலீஷில் இருக்க வேண்டும், படிக்கிறவருக்குப் புரியாவிட்டாலும் மலைப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் மோசமான மனிதர் இல்லை. ஒரு நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டால் அதைத் தடவிக்கொண்டே அரைநாள் உட்கார்ந்திருப்பார், அதுதான் கோளாறு. ஆனால் மீரா சாகிப் எட்டாவது வரை படித்தவர். காரைக்காலில் ஒன்று, நாகூரில் ஒன்று, நாகப்பட்டினத்தில் ஒன்று என்று மீன்வலையும் படகு எஞ்சின் சாமானும் விற்கும் மூன்று கடைக்காரர். காலையில் ஒரு ஊர், மத்தியானம் ஒரு ஊர். துபாயிலிருக்கும் மருமகன் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியை வண்டி சீட்டிலேயே போட்டு வைத்திருப்பார். அவருக்கு எதற்கு மூன்று பக்கம்? ஞானசௌந்தரி இணையத்தில் தமிழ் எழுத்தைத் தேடிப் பிடித்து இறக்கி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தமிழிலேயே எழுதினாள். கடைசியில் 'மணிவேல்' என்று போடுவாள். அலுவலக வழக்கம் அது. எழுதுவது அவள், பேர் அவருடையது.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டு, நவம்பர் கடைசியில் மழை விடாமல் அடித்துத் தீர்த்தது. மீரா சாகிப்பின் காரைக்கால் கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். வலை மூட்டைகள் சேற்றில் ஊறின. எஞ்சின் பாகங்களும், கடலில் திசை காட்டும் கருவிகளும் மூழ்கி வீணாயின. நல்லவேளையாகச் சரக்கு இருப்புப் பதிவேடு மேல்தட்டில் இருந்ததால் நனையாமல் தப்பியது. பாலிசியில் வெள்ளத்துக்கும் காப்பு உண்டு. அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொன்னார்கள். கம்பெனி கும்பகோணத்துச் சர்வேயர் ஒருவரை நியமித்தது. நஷ்டம் எவ்வளவு என்று பார்த்து மதிப்பிடுகிற ஆள் அவர்தான். அவர் அறிக்கை கொடுத்தால்தான் கம்பெனி பணம் பேசும்.

சர்வேயர் வந்தார், படம் எடுத்தார். வலையைக் கழுவிக் காயவைத்து விற்கலாம், அதன் மதிப்பைக் கழித்துக்கொள்வேன், எஞ்சின் சாமான் முழு நஷ்டம் என்றார். ஆனால் மூழ்கிய அன்றைக்குக் கிடங்கில் எத்தனை சரக்கு இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமே! ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பதிவேட்டு நகலும் கொள்முதல் பில்களும் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் கடிதத்தில் மூன்றாவது வரி: 'நீங்கள் செய்ய வேண்டியது: நான் சொல்லும்வரை நனைந்த எஞ்சின் சாமான் எதையும் அப்புறப்படுத்தாதீர்கள்.' இரண்டாவது கடிதத்தில்: 'பதிவேட்டு நகலும் பில்களும் புதன்கிழமைக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும்.' செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்தன. மூன்றாவது கடிதத்தில்: 'இந்த வாரம் நடந்தது: எல்லா ஆவணமும் சர்வேயருக்கு அனுப்பப்பட்டது. நீங்கள் செய்ய வேண்டியது: எதுவும் இல்லை.'

மூன்று கடிதத்துக்கும் மீரா சாகிப்பிடமிருந்து ஒரு வரி பதில் கிடையாது. படிக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. சொன்னதைச் செய்துவிடுகிறாரே, அது போதும் என்று ஞானசௌந்தரிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இருக்காதா பின்னே?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. காலையில் எட்டரைக்கே வந்துவிட்டாள். ஸ்டேப்ளர் முள் தீர்ந்துபோயிருந்தது. மணிவேலின் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். முள்டப்பாவுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை, தடிமனாக, ஒட்டாமல் கிடந்தது. பிரித்துப் பார்த்தாள். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பதிவேட்டு நகல்! பில்கள்! அதற்கு மேலே பாதியில் நின்றுபோன ஓர் இங்கிலீஷ் முகப்புக் கடிதம், இரண்டாவது பக்கத்தில் ஒரு வாக்கியத்தை மூன்று தடவை அடித்துத் திருத்தியிருந்தது. பக்கத்திலேயே சர்வேயரின் கடிதம். திங்கட்கிழமைக்குள் ஆவணம் வராவிட்டால், கையில் இருப்பதை வைத்து அறிக்கையை முடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவேன் என்று எழுதியிருந்தார்.

ஞானசௌந்தரி அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். பதிவேடு இல்லாமல் அறிக்கை போனால் எஞ்சின் சாமான் பாதிக்குக் கணக்கே வராது. அது ஒருபக்கம். 'அனுப்பப்பட்டது' என்று அவள் தன் கையால் எழுதியிருக்கிறாளே, அது? மணிவேலைக் கேட்டபோது அனுப்பியாச்சு என்றார். ரசீது எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மணிவேல் ஒன்பதுக்கு வந்தார். உறையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. முகப்புக் கடிதத்தைக் கொஞ்சம் நன்றாக எழுதிவிட்டு அனுப்பலாம் என்று இருந்ததாகவும், அன்றைக்கே அனுப்பிவிடுவோம் என்ற நினைப்பில் அனுப்பியாச்சு என்று சொல்லிவிட்டதாகவும், பிறகு மறந்தே போனதாகவும் சொன்னார். அவள் ஒரு வெள்ளைத்தாளில் 'ஆவணங்கள் இணைக்கப்பட்டுள்ளன' என்று ஒரே வரி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, உறையை மார்போடு அணைத்துக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறினாள். மாயவரத்தில் மாறி, நின்றுகொண்டே போய், பன்னிரண்டு மணிக்குச் சர்வேயர் அலுவலகத்தில் கொடுத்து, மறுநகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டுதான் தண்ணீர் குடித்தாள்.

திரும்பி வரும்போது மூன்றரை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மணிவேல் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் வந்தார். அவர் குரல் தணிந்திருந்தது.

"சௌந்தரி, சர்வேயர் பரிசீலனையில இருக்குன்னு மட்டும் போடும்மா. அது பொய்யில்லையே. இன்னைக்கு அவர் கையிலதானே இருக்கு."

"போன வாரம் அனுப்பிட்டோம்னு எழுதினது பொய்யாச்சே சார்."

"பாய்க்குத் தெரிஞ்சா மார்ச்ல புதுப்பிக்கிறப்ப மூணு கடை பாலிசியும் வேற புரோக்கர்ட்ட போயிரும். இந்தக் கிளையையே மூடிருவாங்க. உன் வேலையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அது உண்மைதான். மீரா சாகிப் கைவிட்டால் இந்த மாடிக்கு வாடகை கொடுக்கக்கூடச் சென்னை யோசிக்கும். வரிச்சிக்குடியில் அவளுக்காக இன்னொரு வேலை காத்துக்கொண்டு நிற்கவில்லை. ஆனாலும் அந்த நாலு வரியில் ஒரு வரி ஓட்டையாகிவிட்டால் மற்ற மூன்றையும் அந்த மனுஷர் எதற்கு நம்ப வேண்டும்? அவள் தட்ட ஆரம்பித்தாள். மணிவேல் எழுந்துவிட்டார்.

"எழுதுறதுன்னா எழுதிக்க. என் பேர்ல அனுப்பாத."

எழுதி முடித்தபோது இப்படி இருந்தது:

'இந்த வாரம் நடந்தது: ஆவணங்களைச் சர்வேயருக்கு அனுப்பிவிட்டதாகப் போன வாரம் எழுதினேன். அது தவறு. அவை எங்கள் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. இன்று நானே கும்பகோணத்தில் நேரில் கொடுத்தேன். முத்திரையிட்ட நகல் இணைப்பில் உள்ளது.

இப்போது யார் கையில்: சர்வேயர்.

நீங்கள் செய்ய வேண்டியது: எதுவும் இல்லை.

அடுத்த தேதி: டிசம்பர் 29, திங்கள். அன்று சர்வேயர் அறிக்கை கொடுப்பார். கொடுத்தாரா என்று கேட்டு அன்றே தெரிவிக்கிறேன். அறிக்கை சேர்ந்த முப்பது நாளுக்குள் கம்பெனி தன் முடிவைச் சொல்ல வேண்டும்.'

கீழே பேர் போடும் இடத்தில் விரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக ஓர் அலுவலகக் கடிதத்தின் அடியில், ஞானசௌந்தரி என்று முழுசாகத் தட்டினாள். நாலு மணிக்குப் பொத்தானை அமுக்கினாள். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

ஐந்தரைக்குப் பதில் வந்தது. நாலு வாரத்தில் முதல் பதில். 'படித்தேன். நாளை வருகிறேன்.' அவ்வளவுதான்.

மறுநாள் பத்து மணிக்கு மீரா சாகிப் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மடித்த ஒரு தாள். மணிவேல் எழுந்து நின்று வாங்க பாய், உட்காருங்க பாய் என்று உபசரித்தார். அவர் உட்காரவில்லை. அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"ஞானசௌந்தரி யாருங்க?"

அவள் எழுந்தாள். நான்தான் பாய் என்றாள்.

மீரா சாகிப் கையிலிருந்த தாளை அவள் மேஜைமேல் விரித்து வைத்தார். இன்றுமுதல் எங்கள் புரோக்கர் இவர் இல்லை, இன்னார் என்று கம்பெனிக்கு எழுதிய கடிதம். மூன்று கடையின் முத்திரையும் குத்தியிருந்தது. தேதி நேற்றையது.

"செவ்வாக்கெழம நானே சர்வேயருக்குப் போன் போட்டேன்மா. ஒரு தாளும் வரலன்னாரு. மறுநாளே வெள்ளிக்கெழம தேதி போட்டு இத டைப் அடிச்சு வச்சுட்டேன். ஆனா வெள்ளிக்கெழம நாலு மணி ஆகட்டும், அந்தக் கடுதாசியில என்ன எழுதுறீங்கன்னு பாத்துட்டு அனுப்புவோம்னு இருந்தேன்."

மணிவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜும்மா முடிச்சு வந்து வண்டியிலயே உக்காந்திருந்தேன். வந்துச்சு. ரெண்டு தடவ படிச்சேன். முப்பது வருஷமா ஏவாரம் பண்றேன், தப்பு எங்க பக்கம்னு எவனும் எனக்கு எழுதிக் குடுத்ததில்ல. அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், எனக்குக் கோவமே வரல."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முந்தின மூன்று கடிதமும் யார் எழுதியது என்று அவர் மணிவேலைக் கேட்டார். மணிவேல், அவரையும் சொல்ல வேண்டும், ஒரு கணம்கூடத் தயங்காமல் எல்லாம் சௌந்தரி எழுதினதுதான் என்று சொல்லிவிட்டார். மீரா சாகிப் தாளைத் திரும்ப மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. வியாபாரி அல்லவா.

படி இறங்குமுன் நின்று, நாகூர்க் கடையில் இன்னொரு சின்ன விபத்துக் கேஸ் கிடப்பதாகவும், உள்ளூரிலிருக்கும் இளைய மருமகன் பார்க்கிறேன் என்று சொல்லிச் சொதப்பி வைத்திருப்பதாகவும், அந்தக் காகிதக் கட்டையும் திங்கட்கிழமை கொடுத்தனுப்புவதாகவும் சொன்னார். அப்புறம் திரும்பிப் பார்த்தார்.

"பேர மட்டும் மாத்திறாதம்மா. இனிமே எனக்கு வர்ற கடுதாசியில உன் பேருதான் இருக்கணும்."

அவர் போன பிறகு மணிவேல் தன் இழுப்பறையைத் திறந்து, பாதியில் நின்ற இங்கிலீஷ் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் அதை அவளிடம் கொடுத்தார். ஞானசௌந்தரி அந்தப் பின்பக்கத்தில் நாகூர்க் கேஸுக்கு நாலு தலைப்பு எழுதினாள். அடியில் தன் பேரை எழுதினாள்.