வட்டத்துக்குள் எங்கேயோ

லிஃப்ட் மெக்கானிக் ஒரே பேட்டையை மூன்றாவது முறையாகச் சுற்றினார். புது ஃபோனின் மேப், அவர் இல்லாத தெருவிலிருந்து வழி சொன்னது. வண்டி திரும்பினாலும் அது திரும்பவில்லை. ஃபோனை அணைத்துப் போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. வழி கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

போய்ச் சேர வேண்டிய கட்டடத்தில், பழுதான லிஃப்டுக்குள் டாக்சி ஓட்டும் ஓர் அம்மா மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து உதவிக்கு அழைத்தவரும் அவர்தான்; மெக்கானிக் அவருக்கே திரும்ப ஃபோன் போட்டார்.

"பொறுத்துக்கங்கம்மா. மேப் சுத்தவிடுது. ஆனா வராம விடமாட்டேன்."

"மேப்புல நீங்க நீலப் புள்ளியா தெரியறீங்களா, பெரிய வட்டமாவாண்ணே?"

"வட்டம்தாம்மா. பாதி ஊரே அதுக்குள்ள அடங்கிடும்!"

"அப்ப மேப்புக்குத் தோராயமான இடத்துக்குத்தான் அனுமதி குடுத்திருக்கீங்க. சுமாரா இந்தப் பக்கம்னு மட்டும்தான் ஃபோன் அதுக்குச் சொல்லும். நீங்க நிக்கிற தெருவே தெரியாம அது எப்படி வழி காட்டும்? செட்டிங்ஸ்ல மேப்போட இருப்பிட அனுமதியைத் திறந்து, துல்லியமான இடம்ங்கறதை ஆன் பண்ணுங்க."

முதல் நாள் ஃபோன் கேட்டபோது, எதற்கு வம்பென்று 'தோராயம்' என்பதை அழுத்தியது அவருக்கு நினைவு வந்தது. இப்போது மாற்றினார். வட்டம் சுருங்கி, அவர் நின்ற மருந்துக்கடை வாசலில் புள்ளியானது. கட்டடம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வண்டியை முறுக்கினார்.

ஏழு நிமிடத்தில் லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டார். வியர்த்துப்போய் வெளியே வந்த அந்த அம்மாவிடம், "சரிபண்ணி கீழே இறக்கிவிடறேன்" என்றார்.

"வேணாண்ணே, நான் படியிலேயே போறேன்!"