நவம்பர் மூன்றாம் தேதி வருகிறேன்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்கும் அந்தத் தொழிற்பயிற்சி மையத்தில், பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பாதியில் நிற்பவர்கள் ஆண்டுக்கு முப்பது பேராவது இருப்பார்கள். பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. முதலில் ஒருநாள் வரமாட்டார்கள், பிறகு ஒரு வாரம், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். ஒரு வருஷம் கழித்து வந்து மீதி வகுப்பைக் கேட்டுச் சண்டை போடுவார்கள். வரவேற்பு மேசையில் பதினோரு வருஷமாக இருக்கும் ரேணுகாம்பாளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. அதனால் ஜூலை இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் சந்தோஷ்குமார் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, பணத்தைத் திருப்பிக் கேட்கிறான் என்றுதான் நினைத்தார்.

சந்தோஷ்குமாருக்கு இருபத்தொன்பது வயது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சிஎன்சி மெஷின் ஓட்டுபவன். வேறு யாரோ எழுதிய புரோகிராமுக்கு இரும்பை மாட்டி, பொத்தானை அழுத்தி, முடிந்ததும் கழற்றி வைப்பது ஆறு வருஷமாக அவன் வேலை. அந்தப் புரோகிராமைத் தானே எழுத வேண்டும் என்று மே மாதத் தொடக்கத்தில் ஆறு மாதப் படிப்பில் சேர்ந்தான். காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, மாலை ஆறரை மணி வகுப்புக்கு ஒருநாள் தவறாமல் வந்தான். முதல் பாகமான, இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் முடிந்து, இரண்டாம் பாகமான, இரும்பைச் செதுக்கும் மில்லிங் தொடங்கும் நேரத்தில் அவன் மனைவி பொன்னிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒன்று ஒரு கிலோ முந்நூறு கிராம், இன்னொன்று ஒரு கிலோ நானூற்றைம்பது.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்தபின் குழந்தைகளை வெறும் மார்போடு அணைத்து வைத்திருக்க வேண்டும் என்றார் நர்ஸ். உடம்புச் சூட்டில்தான் எடை ஏறும், தினமும் எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை மணி நேரம். பொன்னிக்குத் தாய் இல்லை. சந்தோஷின் அம்மா பகலில் வந்து பார்த்துக்கொண்டார். ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளையும் பொன்னியால் சுமக்க முடியவில்லை. அறுவைத் தையல் வேறு.

"அப்பா வெச்சிக்கலாமா?" என்று சந்தோஷ் கேட்டான்.

"தாராளமா வெச்சிக்கலாம்பா. யாரும் கேக்க மாட்டேன்றாங்க, அவ்ளோதான்" என்றார் நர்ஸ்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்குச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். சின்னதை அவன் மார்பில் படுக்கவைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் பெரியதோடு பொன்னி. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். படிப்பை விட்டுவிடலாமா என்ற யோசனை அவனுக்கு ஒருமுறை வந்தது. பொன்னி ஒத்துக்கொள்ளவில்லை. விட வேண்டாம், நிறுத்தி வை, எப்போது திரும்பி வருவாய் என்று எழுதிக் கொடு என்றாள். மறுநாள் தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்து, சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த விதிகளைப் படித்துவிட்டுக் கடிதத்தை எழுதினான்.

ரேணுகாம்பாள் அதை நின்றபடியே படித்தார்.

"ஐயா, எனக்குக் குறைமாதத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்துள்ளன. மாலை நேரத்தில் ஒரு குழந்தையை நான் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன். கடந்த ஒன்பது நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. பதினைந்து நாட்களுக்குள் எழுதிக் கேட்டால் ஒருமுறை மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம் என்பது விதி. ஜூலை 22 முதல் அக்டோபர் 21 வரை நிறுத்தி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

லேத் பாகம் முடித்துவிட்டேன், தேர்வு மதிப்பெண் 81. செப்டம்பரில் தொடங்கும் புதிய பேட்ச் நவம்பர் 3 திங்கட்கிழமை மில்லிங்குக்கு வரும் என்று அறிவிப்புப் பலகையில் உள்ளது. அன்று அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன். கை மறந்திருக்கும் என்பதால் அக்டோபர் 26 ஞாயிறு முதல் மெஷின் பயிற்சிக்கு மட்டும் அனுமதி வேண்டும். சாப்ட்வேர் லாகின் ஆறு மாதத்தில் முடிந்துவிடும், இன்று நிறுத்திவிட்டுத் திரும்பும் நாளில் திறந்து தரவும். என் கம்ப்யூட்டரை அதுவரை வேறு யாருக்காவது கொடுக்கலாம். நவம்பர் 3 அன்று நான் வராவிட்டால் என் சேர்க்கையை ரத்து செய்யலாம், கேள்வி கேட்க மாட்டேன்."

ரேணுகாம்பாள் அதை எடுத்துக்கொண்டு மையத் தலைவர் கோதண்டபாணியின் அறைக்குப் போனார். கோதண்டபாணி கறாரானவர். நிறுத்தி வைக்கக் கேட்டவர்களில் ஒருவர்கூடத் திரும்பியதில்லை என்றும், தலைமை அலுவலகம் தன்னைத்தான் கேட்கும் என்றும் சொல்லிக்கொண்டே கடிதத்தை வாங்கினார். கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு மருத்துவமனைச் சீட்டைத் திருப்பிப் பார்த்து எடைகளைப் படித்தார். சந்தோஷை உள்ளே கூப்பிட்டார்.

"ரத்து பண்ணிக்கோன்னு நீயே எழுதியிருக்கியேபா. அப்படி யாராவது எழுதுவாங்களா?"

"வருவேன் சார். அதனாலதான் எழுதினேன்."

கோதண்டபாணி கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது. நிறுத்தம் சரி, லாகினை நீட்டிக்கலாம், ஆனால் மாலை பேட்ச் மாணவருக்கு ஞாயிறு பயிற்சி கிடையாது. ரேணுகாம்பாள் தயங்கியபடி அதை வாசித்துக் காட்டினார். ஞாயிறு பேட்சில் ஒரு மெஷின் சும்மாதான் கிடக்கிறது, என் பொறுப்பில் விடுகிறேன் என்று கோதண்டபாணியே பதில் எழுதிச் சம்மதம் வாங்கினார். பதினோரு வருஷத்தில் அவர் ஒரு மாணவனுக்காக இரண்டாம் முறை எழுதி ரேணுகாம்பாள் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சிக்கல் வந்தது. புதிய பேட்சுக்கு ஐந்து பேர்தான் சேர்ந்திருந்தார்கள். எட்டு பேர் இல்லாமல் தொடங்க மாட்டார்கள். அக்டோபர் ஆறுக்குத் தள்ளிப் போனது. மில்லிங் டிசம்பர் எட்டாம் தேதிதான். ரேணுகாம்பாள் போன் செய்தபோது குழந்தைகள் வீட்டுக்கு வந்திருந்தன. பின்னால் அழுகுரல் கேட்டது. இவனும் இதோடு நின்றுவிடுவான் என்று அவருக்கு உள்ளூரக் கவலை.

"டிசம்பர்லயே வாப்பா. தப்பு எங்க மேலதான், ரத்தாகாது."

"இல்லக்கா. நவம்பர் மூணுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவங்க லேத் படிச்சிக்கினு இருப்பாங்க இல்ல, கூட உக்காந்துக்கறேன். எனக்கும் மறந்துபோனது ஞாபகம் வரும்."

சொன்னபடி அக்டோபர் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேணுகாம்பாள் கதவைத் திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் நின்றிருந்தான். முன்பைவிட மெலிந்திருந்தான். இரண்டு குழந்தைகளும் மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிட்டன என்றான். எடை பார்க்கப் போனபோது கண்ணாடிப் பெட்டி வார்டில் இன்னும் இரண்டு அப்பாக்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிச் சிரித்தான். நவம்பர் மூன்று திங்கள் ஆறரை மணிக்குப் புதிய பேட்சோடு உட்கார்ந்தான். லேத் வகுப்பில் திணறிய நாலைந்து பேர் அவனைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். டிசம்பரில் மில்லிங் தொடங்கியபோது அவன் யாருக்கும் பின்தங்கியிருக்கவில்லை.

ஏப்ரலில் தேர்வு எழுதினான். முடிவு வந்த வாரத்தில் தொழிற்சாலையில் புரோகிராம் பிரிவுக்குப் பயிற்சி பெறுபவனாக மாற்றினார்கள். சான்றிதழ் வாங்க வந்தபோது பொன்னியும் வந்திருந்தாள், ஆளுக்கொரு குழந்தை இடுப்பில். கோதண்டபாணி தன் அறையிலிருந்து எழுந்து வந்து, பெரியது எது, சின்னது எது என்று கேட்டார்.

"இப்ப எங்களுக்கே சொல்றது கஷ்டம் சார்" என்றாள் பொன்னி.